டார்ட்ரசின்: ஒரு மஞ்சள் சாயத்தின் கணக்கு

ஒரு பானத்தில் இருப்பது செயற்கைச் சாயமா, இயற்கை நிறமா என்று பார்க்க உணவு ஆய்வகங்களில் ஒரு பழைய வழி உண்டு. பெரிய கருவி எதுவும் வேண்டாம், வெள்ளைக் கம்பளி நூல் போதும்.

மஞ்சள் நிறப் பானத்தைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, கொஞ்சம் அமிலம் சேர்த்து, எண்ணெய்ப் பசை போகக் கழுவிய நூலை அதில் போட்டுக் கொதிக்க விடுவார்கள். சில நிமிடம் கழித்து நூலை வெளியே எடுத்து ஓடும் தண்ணீரில் அலசுவார்கள். பானத்தில் டார்ட்ரசின் இருந்தால் நூல் எலுமிச்சை மஞ்சளாக நிற்கும், அலச அலசப் போகாது. அடுத்து அதே நூலை நீர்த்த அமோனியாவில் போட்டுச் சூடாக்கினால் பிடிவாதமாக ஒட்டியிருந்த நிறம் முழுவதும் கீழே இறங்கிவிடும். அந்தக் கரைசலில் மறுபடி அமிலம் சேர்த்துப் புது நூலைப் போட்டால், அதுவும் மஞ்சளாகும். இயற்கை நிறங்களில் சில முதல் சுற்றில் நூலைக் கறைப்படுத்தும். ஆனால் பெரும்பாலானவை இரண்டாவது சுற்றில் தங்காது.

இது ஏன் நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் டார்ட்ரசினைப் பற்றிப் பாதி தெரிந்த மாதிரி. கம்பளி ஒரு புரதம். அமிலத்தில் அதன் மேல் நேர்மின்னேற்றம் வருகிறது. டார்ட்ரசின் மூலக்கூறில் கந்தகமும் ஆக்சிஜனும் சேர்ந்த ‘சல்போனேட்’ என்ற பகுதி இரண்டு இடங்களில் இருக்கிறது, அதில் எதிர்மின்னேற்றம் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. காரத்தில் போட்டால் கம்பளியின் நேர்மின்னேற்றம் போய்விடும், பிடியும் விட்டுவிடும். உண்மையில் 1884-ல் சுவிட்சர்லாந்து வேதியியலாளர் யோஹான் ஹைன்ரிஷ் சீக்லர் இதைக் கண்டுபிடித்த புதிதில் கம்பளிக்கும் பட்டுக்கும் சாயமாகத்தான் இது பயன்பட்டது. சாப்பாட்டுக்குள் வந்தது அப்புறம்.

இந்த சல்போனேட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றுக்குள் போன பிறகு நடப்பதையும் பெரும்பாலும் அதுதான் தீர்மானிக்கிறது.

இரண்டு பெட்டிகள், சரியாக மூடாத மூடிகள்

செயற்கை, இயற்கை என்று பிரிப்பது கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது. பெட்ரோலியத்திலிருந்து வரும் மூலப்பொருள்களை வினைபுரிய வைத்துச் செய்தால் செயற்கை. செடி, பூச்சி, பாசி இவற்றிலிருந்து எடுத்தால் இயற்கை. டார்ட்ரசின், சன்செட் யெல்லோ, அலூரா ரெட் போன்றவை முதல் பெட்டி. மஞ்சள் கிழங்கின் குர்குமின், பீட்ரூட் சிவப்பு, திராட்சைத் தோலின் ஆந்தோசயனின், காச்சினீல் பூச்சியிலிருந்து வரும் கார்மைன் எல்லாம் இரண்டாவது பெட்டி.

கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால் பிரிவு அவ்வளவு சுத்தமாக இல்லை. பொட்டலத்தில் ‘குர்குமின்’ என்று போட்டிருந்தால் அது மஞ்சள் தூள் அல்ல. கிழங்கை அசிட்டோன் மாதிரியான கரைப்பானில் ஊறவைத்து, கரைப்பானை ஆவியாக்கி, படிகமாக எடுத்த நிறப்பொருள் அது. கரைப்பான் எவ்வளவு மிச்சமிருக்கலாம் என்பதற்கே தரநிர்ணயத்தில் வரம்பு போட்டிருக்கிறார்கள். கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டினோ பெருமளவில் தொழிற்சாலையில் செய்து விற்கப்படுகிறது. மூலக்கூறு அதேதான், கேரட் மட்டும் இல்லை. கேரமல் நிறம் சர்க்கரையைக் கருக்கிச் செய்வதுதான், ஆனால் அதன் சில வகைகளுக்கு அமோனியாச் சேர்மங்களையும் சேர்த்துக் கருக்குகிறார்கள். இதை எந்தப் பெட்டியில் போடுவது?

தயாரிப்பாளர்களுக்கு இந்தத் தத்துவம் பெரிய விஷயமில்லை. அவர்கள் பார்ப்பது வேறு: நிறம் நிற்குமா? ஒரு சிட்டிகை மஞ்சள் தூளைச் சாராயத்தில் கரைத்து வடிகட்டி, அந்த மஞ்சள் திரவத்தை இரண்டு குப்பிகளில் ஊற்றிப் பாருங்கள். ஒன்றில் சமையல் சோடாக் கரைசலைச் சேர்த்தால் சிவந்துவிடும். இன்னொன்றை வெயில் படும் ஜன்னலில் வைத்தால் நாளாக ஆக வெளுக்கும். வெறும் தண்ணீரில் குர்குமின் கரைவதே இல்லை, பானத்தில் சேர்க்க வேண்டுமென்றால் அதைக் கரைய வைக்க இன்னொரு சேர்பொருள் தேவை. டார்ட்ரசினுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. தண்ணீரில் போட்ட மாத்திரத்தில் கரையும், அமிலத்தில் மாறாது, சூட்டைத் தாங்கும், வெளிச்சத்தையும் குர்குமினை விட நன்றாகத் தாங்கும். மிகக் குறைந்த அளவே போதும், விலையும் குறைவு. நூற்றுமுப்பது வருடமாக அது கடையில் இருப்பதன் காரணம் அவ்வளவுதான்.

வயிற்றுக்குள் என்ன ஆகிறது

டார்ட்ரசின் ‘அசோ சாயம்’ என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டு நைட்ரஜன் அணுக்கள் இரட்டைப் பிணைப்பில் கைகோத்து, மூலக்கூறின் இரு பாதிகளையும் இணைத்து நிற்கும். நிறத்துக்கு அந்தப் பாலம் முக்கியம். பாலம் உடைந்தால் நிறம் போய்விடும்.

அசோ சாயங்களுக்குக் கெட்ட பேர் வந்ததற்குக் காரணம் உண்டு. ஒரு காலத்தில் வெண்ணெய்க்கு நிறம் கொடுக்கப் பயன்பட்ட ‘பட்டர் யெல்லோ’ என்ற அசோ சாயம், எலிகளுக்குக் கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கியது 1930-களில் தெரிய வந்தது. சூடான் வகைச் சாயங்களும் இதே குடும்பம்தான். மிளகாய்த் தூளில் சூடான் 1 கலந்திருந்ததால் 2005-ல் பிரிட்டனில் நூற்றுக்கணக்கான உணவுப் பொருள்களைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. ‘அசோ சாயம் என்றாலே புற்றுநோய்’ என்ற பேச்சு இப்படித்தான் கிளம்பியது.

இங்கேதான் அந்த சல்போனேட் வருகிறது. பட்டர் யெல்லோவிலும் சூடானிலும் அது கிடையாது. அவை கொழுப்பில் கரையும், குடல் சுவரை எளிதாகத் தாண்டும், கல்லீரலுக்குள் போய் மாற்றமடைந்து மரபணுவோடு வம்பு செய்யும். டார்ட்ரசினோ எதிர்மின்னேற்றம் கொண்டது, தண்ணீரை விரும்புவது. கொழுப்பாலான செல் சவ்வை அதனால் எளிதில் ஊடுருவ முடியாது. சாப்பிட்டதில் மிகச் சிறிய பங்குதான் உடையாமல் இரத்தத்துக்குப் போகிறது. மிச்சம் பெருங்குடலுக்குப் போய்ச் சேரும். அங்கே இருக்கும் பாக்டீரியாக்கள் நைட்ரஜன் பாலத்தை உடைத்துவிடுகின்றன. உடைந்த துண்டுகளில் முக்கியமானது சல்பனிலிக் அமிலம். பெயரிலேயே தெரிகிறதே, அதிலும் சல்போனேட் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. ஆகவே அதுவும் தண்ணீரில் கரைந்து, உறிஞ்சப்பட்ட பங்கு சிறுநீரில் வெளியேறுகிறது.

ஒரே குடும்பப் பெயர் இருந்தாலும் இரண்டும் உடலுக்குள் நடந்துகொள்ளும் விதம் வேறு. எலிகளுக்கு வாழ்நாள் முழுக்க டார்ட்ரசின் கொடுத்துச் செய்த சோதனைகளில் புற்றுநோய் அதிகமானதாகத் தெரியவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. சாயம் சுத்தமாக இருக்க வேண்டும். தயாரிப்பில் வினைபுரியாமல் தங்கிவிடும், சல்போனேட் இல்லாத ‘அமீன்கள்’ என்ற நைட்ரஜன் சேர்மங்கள்தான் கவலைக்குரியவை. அதனால்தான் உணவுத் தரச் சாயத்தில் அவை 0.01 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். துணிக்குப் போடும் சாயத்துக்கு அந்த உணவுத் தர விதி பொருந்தாது. பெயர் தெரியாத மூட்டையில் வரும் மஞ்சள் பொடியைப் பற்றிப் பயப்படுவது வேறு, சோதித்த டார்ட்ரசினைப் பற்றிப் பயப்படுவது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால் நிறையச் சண்டை நடக்கிறது என்பது என் எண்ணம்.

ஒரு நாளைக்கு எவ்வளவு?

‘பாதுகாப்பான அளவு’ என்று சொல்கிறார்களே, அந்த எண் எங்கிருந்து வருகிறது? அதற்குத் ‘தினசரி ஏற்பளவு’ என்று பெயர். ஒருவர் வாழ்நாள் முழுக்கத் தினமும் சாப்பிட்டாலும் தீங்கு வராது என்று மதிப்பிட்ட அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று சொல்வார்கள்.

உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு 2016-ல் டார்ட்ரசினை மறுபடி எடுத்துப் பார்த்தது. எலிகளுக்கு நீண்ட காலம் கொடுத்த சோதனை ஒன்றில், கிலோவுக்கு 984 மில்லிகிராம் வரை எந்தக் கெடுதலும் தெரியவில்லை. அதற்கு மேல் கொடுத்தபோது எலிகளின் எடை குறைந்தது. அந்த 984-ஐ 100-ஆல் வகுத்தார்கள். மனிதன் எலியை விடப் பத்து மடங்கு பலவீனமாக இருக்கலாம், மனிதர்களுக்குள்ளும் ஒருவர் இன்னொருவரை விடப் பத்து மடங்கு பலவீனமாக இருக்கலாம் என்ற இரட்டை முன்னெச்சரிக்கைதான் அந்த நூறு. விடை 9.84, முழுமையாக்கினால் 10. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009-ல் பழைய எண்ணையே வைத்துக்கொண்டது: 7.5.

சரி, ஒரு குழந்தைக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று வயது, எடை 15 கிலோ. ஐரோப்பிய எண்ணின்படி 15 × 7.5, அதாவது ஒரு நாளைக்கு 112.5 மில்லிகிராம். ஐரோப்பிய விதியில் சுவையூட்டிய பானங்களில் இந்த வகைச் சாயங்கள் எல்லாம் சேர்ந்து லிட்டருக்கு 100 மில்லிகிராம் வரை இருக்கலாம். அந்த உச்ச வரம்பு முழுவதும் டார்ட்ரசின் மட்டுமே என்று வைத்துக்கொண்டாலும், குழந்தை ஒரு லிட்டருக்கு மேல் குடித்தால்தான் வரம்பைத் தாண்டும், அதையும் தினமும் குடிக்க வேண்டும். பெரும்பாலான பானங்களில் சாயம் அந்த உச்சத்துக்குக் கீழேதான் இருக்கும். கணக்கு இதுவரை நிம்மதியாகத்தான் இருக்கிறது.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. எலியின் எடையையும் ஈரலையும் சிறுநீரகத்தையும் பார்த்துப் போட்ட வரம்பு இது. வகுப்பறையில் ஒரு குழந்தை எவ்வளவு நேரம் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும் என்பதை எலியின் எடை சொல்லாது.

சவுத்தாம்ப்டனில் கொடுத்த பழச்சாறு

சாயங்கள் குழந்தைகளைத் துறுதுறுப்பாக்குகின்றன என்று அமெரிக்க மருத்துவர் பெஞ்சமின் ஃபைன்கோல்ட் 1970-களில் சொல்லத் தொடங்கியபோது பலர் நம்பவில்லை. பெற்றோருக்குத் தங்கள் குழந்தை என்ன சாப்பிட்டது என்று தெரியும், அதனால் எதிர்பார்த்ததையே பார்க்கிறார்கள் என்றார்கள். நியாயமான கேள்விதான். பிறந்தநாள் விழாவில் கேக் சாப்பிட்டுவிட்டுக் குழந்தை குதித்தால் அது கேக்கின் மேல் இருந்த நிறத்தாலா, விழாவாலா?

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகம் செய்த ஆய்வு இதைச் சமாளிக்க முயன்றது. முடிவு 2007-ல் வெளியானது. மூன்று வயதுக் குழந்தைகள் 153 பேர், எட்டு ஒன்பது வயதுக்காரர்கள் 144 பேர். எல்லோரும் சாதாரணக் குழந்தைகள், கவனக்குறைபாடு இருப்பதாகப் பொறுக்கி எடுத்தவர்கள் அல்ல. முதலில் வீட்டுச் சாப்பாட்டிலிருந்து அந்தச் சாயங்களை விலக்கினார்கள். பிறகு தினமும் பழச்சாறு கொடுத்தார்கள். சில வாரம் அதில் சாயக் கலவை இருக்கும், சில வாரம் இருக்காது. பார்த்தாலும் குடித்தாலும் வித்தியாசம் தெரியாது. எந்த வாரம் எது என்று குழந்தைக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது, நடத்தையைக் குறித்துக்கொண்டவர்களுக்கும் தெரியாது.

கலவைகள் இரண்டு. முதல் கலவையில், மூன்று வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு டார்ட்ரசின் 7.5 மில்லிகிராம், அதோடு இன்னும் மூன்று சாயங்கள், எல்லாம் சேர்த்து 20 மில்லிகிராம். கூடவே சோடியம் பென்சோயேட் என்ற பதப்படுத்தி 45 மில்லிகிராம். இரண்டாவது கலவையில் முதல் கலவையின் இரண்டு சாயங்களும், வேறு இரண்டு சாயங்களும், அதே பென்சோயேட்டும் இருந்தன, டார்ட்ரசின் இல்லை.

முதல் கலவை குடித்த வாரங்களில் மூன்று வயதுக் குழந்தைகளின் துறுதுறுப்பு சராசரியாகக் கொஞ்சம் கூடியது. இரண்டாவது கலவையில் அந்த வயதுக்காரர்களுக்குத் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. பெரிய குழந்தைகளுக்கோ இரண்டாவது கலவையில் தெரிந்தது. முதல் கலவையில், சாற்றைப் பெருமளவு குடித்து முடித்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டபோது தெரிந்தது.

இப்போது பழைய கணக்கை எடுங்கள். நம் 15 கிலோக் குழந்தைக்கு வரம்பு 112.5 மில்லிகிராம். ஆய்வில் கொடுத்த டார்ட்ரசின் 7.5 மில்லிகிராம், வரம்பில் பதினைந்தில் ஒரு பங்கு. உச்ச அளவு சாயம் போட்ட பானமாக இருந்தால் 75 மில்லிலிட்டரிலேயே அது வந்துவிடும், அரை டம்ளர் கூட இல்லை. ஒரு லிட்டருக்கும் 75 மில்லிலிட்டருக்கும் இடையே இருக்கும் இந்த இடைவெளிதான் இத்தனை வருடச் சச்சரவுக்கும் காரணம்.

அப்படியானால் வரம்பை உடனே குறைக்க வேண்டியதுதானே? ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2008-ல் இந்த ஆய்வைப் பரிசீலித்துவிட்டு, வரம்பை மாற்ற இது போதாது என்றது. அவர்கள் சொன்ன காரணங்களைச் சப்பைக்கட்டு என்று தள்ளிவிட முடியாது. கொடுத்தது கலவை. டார்ட்ரசின் செய்ததா, கூட இருந்த சாயம் செய்ததா, பென்சோயேட் செய்ததா என்று பிரிக்க வழியில்லை. ஒரு வயதில் தெரிந்தது இன்னொரு வயதில் அதே மாதிரி தெரியவில்லை. கூடிய அளவும் சிறியது. குழந்தைக்குக் குழந்தை இயல்பாக இருக்கும் ஏற்ற இறக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் சராசரி நகர்ந்தது. ஒரு வகுப்பில் நின்று பார்த்தால் எந்தப் பிள்ளை சாயம் குடித்தது என்று சொல்ல முடியாத அளவு அது.

சராசரி என்ற சொல்லில் ஒரு தந்திரமும் உண்டு. எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கூடினாலும் சராசரி நகரும். நூறில் தொண்ணூறு பேருக்கு ஒன்றும் ஆகாமல் பத்துப் பேருக்கு நிறைய ஆனாலும் அதே அளவு நகரும். அதே குழு 2010-ல் வெளியிட்ட தொடர்ச்சியில், ஒவ்வாமையில் பங்கு வகிக்கும் ஹிஸ்டமின் என்ற பொருளை உடலில் சிதைக்கும் நொதிக்கான மரபணு எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறியதாகக் காட்டியது. எனவே இரண்டாவது சாத்தியத்துக்குத்தான் கொஞ்சம் கனம் அதிகம் என்று நினைக்கிறேன். ‘என் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லையே’ என்பவரும் ‘என் பிள்ளையைக் கண்ணால் பார்த்தேன்’ என்பவரும் ஒரே நேரத்தில் உண்மை சொல்லக்கூடும்.

ஒரே ஆதாரம், வேறு வேறு தீர்ப்பு

இதற்குப் பிறகு அரசுகள் எடுத்த முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்யவில்லை. ஆனால் ஆய்வில் இருந்த ஆறு சாயங்களில் எது இருந்தாலும், குழந்தைகளின் செயல்பாட்டையும் கவனத்தையும் இது பாதிக்கக்கூடும் என்ற வாசகத்தைப் பொட்டலத்தில் அச்சிட வேண்டும் என்று 2010 ஜூலையிலிருந்து கட்டாயமாக்கியது. அந்த வாசகத்தோடு இனிப்பு விற்க யாருக்குப் பிடிக்கும்? பல நிறுவனங்கள் சாயத்தையே மாற்றிக்கொண்டன. தடை செய்திருந்தால் கூட இவ்வளவு அமைதியாக வேலை நடந்திருக்காது.

அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் அமைத்த ஆலோசனைக் குழு 2011-ல் கூடி, பொதுவாகக் குழந்தைகளிடம் காரண விளைவு உறவு நிறுவப்படவில்லை என்று முடிவு செய்தது. கலிபோர்னியா மாநிலத்தின் சுற்றுச்சூழல் சுகாதார அலுவலகம் பத்து வருடம் கழித்து, 2021-ல், அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, சில குழந்தைகளின் நடத்தையைச் சாயங்கள் பாதிக்கின்றன என்றும், இப்போதுள்ள வரம்புகள் அதைக் கணக்கில் எடுக்கவில்லை என்றும் சொன்னது. 2024-ல் அந்த மாநிலம் அரசுப் பள்ளி உணவுகளில் டார்ட்ரசின் உட்பட ஆறு சாயங்களை 2027 இறுதியிலிருந்து விலக்கச் சட்டம் போட்டது. 2025 ஏப்ரலில் அமெரிக்க மத்திய அரசும், பெட்ரோலியச் சாயங்களைத் தாமாகவே கைவிடும்படி நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. நடுவில் 2016-ல், முன்பு பார்த்த ஐ.நா. நிபுணர் குழு வரம்பை 7.5-லிருந்து 10-ஆக உயர்த்தியிருந்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

யாரோ பொய் சொல்கிறார்கள் என்று இதிலிருந்து முடிவு கட்ட வேண்டியதில்லை. நிரூபித்தால்தான் கைவைப்பேன் என்பவர் ஒரு பக்கம். வெறும் அழகுக்காகச் சேர்க்கும் ஒரு பொருளுக்குச் சந்தேகமே போதும் என்பவர் இன்னொரு பக்கம். சாயம் இல்லாவிட்டால் யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை என்பதால் எனக்கு இரண்டாவது ஆள் பக்கம்தான் சாய்வு. ஆனால் அது அறிவியல் முடிவு அல்ல, என் விருப்பம்.

தடிப்பும் அரிப்பும்

நடத்தை விவகாரம் மங்கலானது. ஒவ்வாமை அதைவிடத் தெளிவானது, அரிதானதும் கூட. டார்ட்ரசின் சாப்பிட்டால் சிலருக்குத் தோலில் தடிப்பும் அரிப்பும் வருகின்றன. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் மதிப்பீட்டில் பத்தாயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. ‘சாயம் சேர்த்தது’ என்று பொத்தாம்பொதுவாக எழுதித் தப்பிக்க முடியாமல், டார்ட்ரசின் பெயரைத் தனியாக அச்சிட வேண்டும் என்று அங்கே முதலில் விதி வந்ததற்கு இதுதான் காரணம்.

ஆஸ்துமா உள்ளவர்கள் எல்லோரும் இதைத் தவிர்க்க வேண்டும் என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். கட்டுப்பாடான சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, டார்ட்ரசினை விலக்குவதால் பெரும்பாலானவர்களின் ஆஸ்துமா மேம்பட்டதாகத் தெரியவில்லை. சாப்பிட்டதும் தனக்குத் தடிப்பு வருவதைக் கண்டவர் விலக்கினால் போதும்.

இயற்கைக்கும் அதே தராசு

குர்குமினின் தினசரி ஏற்பளவு எவ்வளவு தெரியுமா? கிலோவுக்கு 3 மில்லிகிராம். டார்ட்ரசினுக்குக் கொடுத்ததை விடக் குறைவு! இதை வைத்துக் குர்குமின் டார்ட்ரசினை விட ஆபத்தானது என்று சொன்னால் அது தவறு. எந்தச் சோதனையில், எந்த எலியிடம், எந்த அளவில் எதைக் கண்டார்கள் என்பதைப் பொறுத்தது அந்த எண். ஆனால் ‘இயற்கை, ஆகவே வரம்பே தேவையில்லை’ என்பவரின் வாதம் இந்த ஒரு எண்ணிலேயே முடிந்துவிடுகிறது.

கார்மைன் இன்னும் நல்ல உதாரணம். உலர்ந்த பெண் காச்சினீல் பூச்சிகளிலிருந்து எடுக்கும் சிவப்பு அது. சில நூற்றாண்டுப் பழக்கமாவது அதற்கு உண்டு. வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் அசராது. ஆனால் அதில் தங்கிவிடும் பூச்சிப் புரதங்கள் சிலருக்கு உயிரையே மிரட்டும் ஒவ்வாமையை உண்டாக்கியிருக்கின்றன. அமெரிக்காவில் 2011 ஜனவரியிலிருந்து அதன் பெயரையும் தனியாக எழுதியாக வேண்டும். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அது வேறு ஒரு காரணத்துக்காகவும் தெரிய வேண்டிய பெயர். ஆரஞ்சு நிறம் தரும் அனாட்டோ விதைச் சாற்றிலும் கடுமையான ஒவ்வாமைகள் பதிவாகியிருக்கின்றன.

கலப்படம் என்று வந்துவிட்டால் இயற்கைப் பெயர் எந்தக் காப்பும் தராது. மஞ்சள் தூளுக்குப் பளபளப்பு கூட்ட ஈயக் குரோமேட் கலந்த சம்பவங்கள் உண்டு. அதில் இருக்கும் ஈயம் குழந்தையின் மூளைக்குச் செய்யும் கெடுதலோடு ஒப்பிட்டால், டார்ட்ரசின் பற்றிய மேற்சொன்ன சந்தேகங்கள் எல்லாம் மிகச் சிறியவை.

பொட்டலத்தைத் திருப்பிப் பார்க்கும்போது

டார்ட்ரசின் ஒரே பெயரில் வருவதில்லை. அதற்கான பன்னாட்டு எண் 102. சில நாடுகளில் அந்த எண்ணுக்கு முன்னால் ‘இ’ என்ற ஆங்கில எழுத்து நிற்கும், சில நாடுகளில் வெறும் எண். அமெரிக்கப் பொருள்களில் ‘யெல்லோ 5’. குர்குமினுக்கு எண் 100, கார்மைனுக்கு 120. ஆக, எண் இருந்தாலே செயற்கை என்று நினைக்க வேண்டாம். இன்னொரு விஷயம், பொருள் மஞ்சளாக இருந்தால்தான் இது இருக்கும் என்றில்லை. பச்சை நிற மிட்டாயில் நீலச் சாயத்தோடு டார்ட்ரசின் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பழுப்பு நிறங்களுக்குள்ளும் ஒளிந்திருக்கும்.

பிள்ளையின் துறுதுறுப்புக்கு இதுதான் காரணமோ என்று சந்தேகப்படும் பெற்றோர் சவுத்தாம்ப்டன்காரர்களின் முறையையே சின்னதாக வீட்டில் செய்து பார்க்கலாம். சாப்பிட்டதும் தடிப்பு, மூச்சுத்திணறல் வந்த வரலாறு இருந்தால் மட்டும் இதைத் தொடவே கூடாது, அது மருத்துவரின் வேலை. மற்றவர்கள் இரண்டு வாரம் எல்லாச் சாயங்களையும் விலக்குங்கள். பிறகு வீட்டில் ஒருவர் மட்டும் பானம் கலக்கும் பொறுப்பை எடுத்துக்கொள்ளட்டும். சில நாள் அதில் வழக்கமான உணவுச் சாயத்தில் சில துளி, சில நாள் எதுவும் இல்லை. எந்த நாள் எது என்று அவர் ஒரு தாளில் எழுதி மடித்து வைத்துவிட வேண்டும். அடுத்தவர் எதையும் கேட்காமல், தினமும் ஒரே நேரத்தில் பிள்ளையின் நடத்தைக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட வேண்டும். இரண்டு மூன்று வாரம் கழித்து இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பானத்தை மூடி போட்ட, உள்ளே தெரியாத குவளையில் கொடுங்கள். அடர்ந்த நிறமுள்ள திராட்சைச் சாறாக இருந்தால் இன்னும் நல்லது, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாலும் எதுவும் தெரியாது.